மாயாமாளவகௌளையை மெதுவாகப் பாடும்போது எட்டாம் எண்ணிக்கைக்கு முன்பே மேல் ஷட்ஜம் வந்துவிடுகிறது: உதவி தேவை

தொடக்கநிலை மாணவர்:

வணக்கம். வாய்ப்பாட்டு கற்கத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. மாயாமாளவகௌளையின் ஆரோகண அவரோகணத்தை மட்டும் மெதுவாகப் பாடிக் காட்டும் ஓர் இசை ஆசிரியையின் குறுங்காணொளியைப் பார்த்து, நாள்தோறும் அதனுடன் சேர்ந்து பாடி வருகிறேன். நிமிடத்திற்கு 60 எண்ணிக்கை, ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், ஏறுவதற்கு ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், இறங்குவதற்கு ஓர் ஆவர்த்தனம் என்பது அதன் அமைப்பு. திரையின் ஓரத்தில் 1 முதல் 8 வரை எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். இறுதியில், தொடக்க நிலையில் உள்ளவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழையைக் குறிப்பிட்டு, "காந்தாரத்தை இழுக்காதீர்கள்" என்கிறார்.

அதைக் கேட்ட பிறகு காந்தாரத்தையும், அதே போன்ற இடம் என்று எனக்குத் தோன்றிய நிஷாதத்தையும் நீட்டாமல் சட்டென்று முடிக்கப் பழகினேன். இப்போது திரையில் 7 தோன்றும்போதே நான் மேல் ஷட்ஜத்தில் நிற்கிறேன். காணொளியை 0.75 வேகத்தில் ஓடவிட்டும் பார்த்தேன், பயன் இல்லை. என் கை போடும் தாளம் என் குரலுடன் சரியாகவே இருக்கிறது, திரையுடன்தான் சேரவில்லை. எங்கே தவறுகிறேன்?

கருவி பயிலும் மாணவர்:

நீங்கள் ப்ளூடூத் இயர்போன் பயன்படுத்துகிறீர்களா? அதில் ஒலி சற்றுத் தாமதமாக வரும் என்பதால், திரையில் காணும் எண்ணும் காதில் விழும் சுரமும் விலகித் தெரியலாம். கம்பியுள்ள இயர்போனுக்கு மாறிப் பாருங்கள், சரியாகிவிடும்.

தொடக்கநிலை மாணவர்:

ஆம், ப்ளூடூத் இயர்போன்தான். நீங்கள் சொன்ன பிறகு தொலைபேசியின் ஒலிபெருக்கியிலேயே கேட்டுக்கொண்டு பாடினேன். அப்போதும் அதே இடத்தில்தான் முந்துகிறேன்.

பாடிப் பழகும் ஒருவர்:

எனக்கும் மேல் ஷட்ஜத்தில்தான் தொல்லை இருந்தது. என் குரலுக்கு 1 கட்டை ஏற்றது. நான் பின்பற்றிய காணொளியில் பாடியவர் 5 கட்டையில் பாடினார். உச்சத்தில் குரல் எட்டாததால் அவசரமாகத் தொட்டுவிட்டு இறங்கிவிடுவேன். என் சுருதியிலேயே சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு தனியாகப் பாடத் தொடங்கியதும் அந்த அவசரம் நின்றது. நீங்களும் சுருதியை மாற்றுங்கள்.

தொடக்கநிலை மாணவர்:

நன்றி ஐயா. ஆனால் ஆசிரியையின் சுருதியே எனக்கும் பொருந்துகிறது. மேல் ஷட்ஜத்தில் நிற்பதில் சிரமம் இல்லை. முன்கூட்டியே அங்கே போய்விடுவதுதான் பிரச்சினை.

பாட்டு ஆசிரியை:

இயர்போனின் தாமதமாக இருந்தால், முதல் எண்ணிக்கையிலேயே விலகல் தெரியும். எட்டாவது வரை அதே அளவில் நீடிக்கும். உங்கள் விலகலோ வளர்ந்துகொண்டே போகிறது. காந்தாரத்தில் அரை எண்ணிக்கையைக் குறைத்தால் மத்தியமம் அரை எண்ணிக்கை முன்னதாக வரும். பஞ்சமமும் தைவதமும் நிஷாதமும் அதே அளவு முன்னதாகவே தொடரும். நிஷாதத்தில் மேலும் அரை எண்ணிக்கை குறைந்தால், மேல் ஷட்ஜம் முழுதாக ஓர் எண்ணிக்கை முந்திவிடும். நீங்கள் 7 என்ற எண்ணைப் பார்க்கும்போது அங்கே நிற்பதாக எழுதியிருப்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

அந்த ஆசிரியை சொன்ன "இழுக்காதீர்கள்" என்ற சொல்லை நீங்கள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். நீட்டாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. ரிஷபத்திலிருந்து வழுக்கிக்கொண்டே போய்க் காந்தாரத்தை அடையாதீர்கள் என்றே சொல்லியிருப்பார், ஏனெனில் இந்த ராகத்தில் மாணவர்கள் தவறும் இடம் அதுவே. சுத்த ரிஷபம் ஷட்ஜத்திற்கு மிக அருகில் இருக்கிறது. அந்தர காந்தாரமோ இடையில் இரண்டு சுரஸ்தானங்களைத் தாண்டி, மத்தியமத்தை ஒட்டி நிற்கிறது. இந்தத் தாவலுக்கு அஞ்சும் குரல், எண்ணிக்கை மாறிய பிறகே ரிஷபத்தை விட்டுக் கிளம்பி, இடையிலுள்ள இடங்களையெல்லாம் தடவிக்கொண்டு, பாதி எண்ணிக்கை கழிந்த பிறகுதான் காந்தாரத்தில் சேர்கிறது. தைவதத்திலிருந்து நிஷாதத்திற்குப் போகும்போதும் இதே அளவுத் தாவல்தான், அதனால் அங்கும் இதே பிழை வருகிறது. நிஷாதத்தையும் சேர்த்து நினைத்த வகையில் உங்கள் ஊகம் சரியானது. ஆக, காந்தாரம் தாமதமாக வருவது முதல் பிழை. அதை நீக்குவதாக எண்ணி நீங்கள் அதன் வாலை வெட்டிவிட்டீர்கள்.

வேகத்தைக் குறைத்தது ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். 0.75 வேகத்தில் நிமிடத்திற்கு 45 எண்ணிக்கைதான் வரும். வழுக்கும் பழக்கம் உள்ள குரலுக்கு அது இன்னும் அதிக நேரம் வழுக்க இடம் கொடுக்கும். காணொளியை நிறுத்திவிட்டு, தம்புரா ஒலியுடன் ரிஷபத்தை நான்கு எண்ணிக்கை பாடுங்கள். நான்காவதன் முடிவில் ஒலியைச் சற்றே நிறுத்தி, அடுத்த எண்ணிக்கை தொடங்கும் அந்தக் கணத்திலேயே காந்தாரத்தை நேராக எடுத்து, அதையும் நான்கு எண்ணிக்கை நிறுத்துங்கள். இடையில் ஒலி இல்லாததால் வழுக்குவதற்கு வழி இல்லை. காந்தாரம் எங்கே என்று தெரியவில்லையானால், முதலில் ச, க, ச என்று மட்டும் பாடுங்கள். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் ஷட்ஜத் தந்தியின் ஒலிக்குள்ளேயே அந்தர காந்தாரம் மெல்லக் கேட்கும், குரல் அதில் போய்ச் சேரும்போது காதுக்கே தெரியும். பிறகு நான்கை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, இடைவெளியையும் நீக்கிவிடலாம்.

உங்கள் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாளமும் குரலும் சேர்ந்தே முந்துகின்றன என்றால், கை குரலைப் பின்தொடர்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட கை எந்தப் பிழையையும் காட்டிக்கொடுக்காது. திரையைப் பார்த்தபடி, பாடாமல், தட்டும் விரல் எண்ணிக்கையும் வீச்சும் மட்டும் ஐந்தாறு ஆவர்த்தனம் போடுங்கள். அந்தக் கை நிலைத்த பிறகு குரலைச் சேருங்கள். குறுங்காணொளி முடிந்து தானாகவே மறுபடி தொடங்கும்போது எண்ணிக்கை நடுவில் அறுபடும் என்பதால், அந்த இடத்தில் தாளத்தைத் தொடராமல் நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

கருவி பயிலும் மாணவர்:

விலகல் வளர்கிறதா, ஒரே அளவில் நிற்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு கேள்வி. இந்த ராகத்தில் ரிஷபத்தையும் தைவதத்தையும் கமகத்துடன் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். சுரத்தை நேராக எடுக்கச் சொன்னால் அந்த அசைவு பிற்பாடு வருமா?

பாட்டு ஆசிரியை:

கமகம் ஓர் அசைவு. அதற்கு அளவும் இடமும் உண்டு. வழுக்கல் என்பது இடம் தெரியாமல் தேடுவது. அதனால் நான் முதல் சில மாதங்களுக்கு எல்லாச் சுரங்களையும் அசைவின்றியே பாட வைக்கிறேன். தொடக்கத்திலிருந்தே ரிஷபத்தை அசைத்துப் பாடக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய மாணவர்களும் நன்றாகப் பாடுகிறார்கள். இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தொடக்கநிலை மாணவர்:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன் அம்மா. நீங்கள் சொன்னது சரியே. காணொளியை மீண்டும் கவனித்தபோது, "இழுக்காதீர்கள்" என்று சொல்லும் இடத்தில் அவர் கையை ரிஷபத்திலிருந்து மேலே சரித்துக் காட்டுவதைக் கண்டேன். முன்பு அதை நான் பார்க்கவே இல்லை. ஏறும்போது காந்தாரம் இப்போது மூன்றாம் எண்ணிக்கையிலேயே வந்து நிற்கிறது, மேல் ஷட்ஜமும் 8 தோன்றும்போதுதான் வருகிறது. இறங்கும்போது மட்டும் காந்தாரத்திலிருந்து ரிஷபத்திற்கு வருகையில், ரிஷபம் இருக்க வேண்டிய இடத்திற்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. பதிவு செய்து கேட்டால் தெளிவாகத் தெரிகிறது.

பாட்டு ஆசிரியை:

அதே தாவல்தான், திசை மட்டும் மாறியிருக்கிறது. குரல் பாதி தூரம் இறங்கியதும் போதும் என்று நின்றுவிடுகிறது. ச, ரி, ச என்று கீழிருந்து பாடி ரிஷபத்தின் இடத்தைக் காதில் வைத்துக்கொண்டு, உடனே க, ரி, ச என்று இறங்குங்கள். இரண்டு ரிஷபங்களும் ஒன்றுபோல் கேட்கின்றனவா என்று பதிவில் ஒப்பிட்டு, அடுத்த வாரம் எழுதுங்கள்.