கீட்டோவில் ஆறு வாரம்: ஐந்து ரெப் நின்றது, பன்னிரண்டு ரெப் விழுந்தது

கன்னங்குறிச்சி சைக்கிள்

வயது 34, ஆரம்பத்தில் எடை 82 கிலோ. வாரத்தில் நாலு நாள் ஜிம், ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள். பொங்கல் முடிந்த மறுநாள் கீட்டோவில் இறங்கினேன். சோறு, இட்லி, பழம், பால் காபி எல்லாம் நின்றது. முட்டை, சிக்கன், கீரை, தேங்காய், பனீர் மட்டும்தான். மாவுச்சத்து ஒரு நாளைக்கு 30 கிராம் தாண்டக் கூடாது என்று சமையலறைத் தராசு வைத்து நிறுத்துதான் சாப்பிட்டேன்.

எட்டே நாளில் 79.2. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். ஆனால் இரண்டாவது வாரம் ஜிம்மில் விசித்திரமாக ஒன்று நடந்தது. 90 கிலோ ஸ்குவாட் ஐந்து ரெப் எப்போதும் போல வந்தது, அதே நாளில் 60 கிலோவில் பன்னிரண்டு போடப் போனால் எட்டாவதிலேயே தொடை கல் மாதிரி நின்றுவிட்டது. டெட்லிஃப்ட் வைத்துவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டியது, ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நாலாவது ஞாயிறு மலையேறினேன். இருபது கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதில் காலை ஊன்றி நின்றேன். வழக்கமாக 1 மணி 50 நிமிடத்தில் ஏறுபவன், அன்று 2 மணி 20 நிமிடம். இதே கட்டத்தைத் தாண்டியவர்கள் உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

ஐந்து ரோடு தம்பி

அண்ணே, உங்களுக்கு புரோட்டீன் அதிகம், கொழுப்பு கம்மி, அதுதான் விஷயம். அதிகமான புரோட்டீன் உடம்புக்குள் சர்க்கரையாக மாறிவிடும், அப்புறம் கொழுப்பு எரிந்து கீட்டோன் எங்கே உருவாகும்? சிக்கனைப் பாதியாக்கிவிட்டு நெய், தேங்காய் எண்ணெயை ஏற்றுங்கள். நான் காலையில் கடுங்காப்பியில் ரெண்டு ஸ்பூன் நெய் விட்டுக் குடிக்கிறேன், மத்தியானம் வரைக்கும் பசியே இல்லை. மூன்று வாரம் தாங்கிவிட்டால் உடம்பு கொழுப்புக்குப் பழகிவிடும், பழைய பலம் முழுசாக வந்துவிடும்.

அஸ்தம்பட்டி அக்கா

தம்பி, பசி அடங்குகிறது என்பதும் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகும் என்பதும் சரிதான். ஆனால் எடை தூக்குகிறவரை சிக்கனைப் பாதியாக்கச் சொல்லாதே, எடையோடு சேர்ந்து தசையும் கரையும். புரோட்டீனிலிருந்து உடம்பு சர்க்கரை செய்யும், உண்மை. ஆனால் பெரும்பாலும் தேவைக்குத் தக்கபடிதான் செய்யும், ரெண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டதற்காக கீட்டோசிஸ் கலைந்துவிடாது.

கன்னங்குறிச்சி சார், நான் பதினோரு வருடமாக எடை தூக்குகிறேன், ரெண்டு தடவை கீட்டோ இருந்து பார்த்தவள். உங்களிடம் ரெண்டு தனித்தனிப் பிரச்சினை இருக்கிறது.

கண் இருட்டுவது, கெண்டைக்கால் இழுப்பது முதல் பிரச்சினை. அதற்கு உப்பைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், அப்போது சிறுநீரகம் உப்பை வெளியே விடும், கூடவே தண்ணீரும் போகும். முதல் வாரம் குறைந்த அந்த 2.8 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சோற்றை நிறுத்தியபோது சாம்பார், ரசம், ஊறுகாய், மோர் எல்லாம் சேர்ந்தே நின்றிருக்கும். நம் உப்பில் பாதி அதில்தானே இருந்தது! ஜிம்முக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு கிண்ணம் எலும்பு ரசத்தில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் குடித்துப் பாருங்கள். அன்றைக்கே கண் இருட்டுவது குறைந்தால் காரணம் உப்பு. ரெண்டு மூன்று நாளாகியும் மாறவில்லை என்றால் வேறு காரணம், டாக்டரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இதைத் தானாகச் செய்யவே கூடாது.

பன்னிரண்டு ரெப் விழுந்தது ரெண்டாவது பிரச்சினை, அது உப்புக்கு மசியாது. கனமான ஐந்து ரெப் சில நொடிகளில் முடிந்துவிடும், அதற்குத் தசையில் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் பெரும்பாலும் போதும். அரை நிமிடத்துக்கு மேல் இழுக்கும் செட்டுக்கும் செங்குத்தான ஏற்றத்துக்கும் மாவுச்சத்திலிருந்து தசை சேர்த்து வைக்கும் கிளைகோஜன் வேண்டும். கொழுப்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழு உலகத்தரமான நடைப்போட்டி வீரர்களை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரக் கீட்டோவுக்குப் பிறகு அவர்கள் உடம்பு கொழுப்பை ஏராளமாக எரித்தது. ஆனால் அதே வேகத்தில் நடக்க முன்பைவிட அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது, போட்டி நேரம் முன்னேறவில்லை. அதனால் "முழுசாக வந்துவிடும்" என்று நான் சொல்ல மாட்டேன்.

செவ்வாப்பேட்டை 51

எனக்கு சுகர் ஒன்பது வருடமாக இருக்கிறது. மாலையில் ஜிம் போகிறேன், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை ஓடுகிறது. இந்த உப்பு ரசம் குடித்தால் சுகர் குறையுமா? நாளையிலிருந்து நானும் சோற்றை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

அஸ்தம்பட்டி அக்கா

அண்ணா, தயவுசெய்து நாளைக்கு ஆரம்பிக்காதீர்கள். உப்பு ரசத்துக்கும் சுகருக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொன்ன மாத்திரையோடு மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. அதிலும் அந்தச் சமயம் மீட்டரில் சுகர் பெரிதாக ஏறியிருக்காது, அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை அது. முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

குரங்குச்சாவடி வீட்டுச் சமையல்

எனக்கு ஜிம்மில் பிரச்சினையே வரவில்லை, வீட்டில்தான் வந்தது. ஐந்து மாதம் ஒழுங்காக இருந்தேன். ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுட்டோம். தேங்காய் தனியாக இருந்தால் கீட்டோதான், உள்ளே வெல்லமும் அவலும் பாசிப்பருப்பும் போட்டுத் தீயில் வாட்டியபின் அது வேறு பொருள். என் மாமியார் கையில் வைத்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டதில் எந்தத் தப்பும் இல்லை, அடுத்த நாள் "இனி என்ன" என்று தட்டுவடை செட்டு, அதற்கடுத்த நாள் பிரியாணி என்று போனதுதான் கெடுத்தது. இப்போது தினமும் இரவு மட்டும் சோறில்லை, மத்தியானம் அளவாகச் சோறு. எட்டு மாதமாக நடக்கிறது.

கன்னங்குறிச்சி சைக்கிள்

அக்கா சொன்னதைச் செய்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். ரசத்தில் உப்பு சேர்த்த இரண்டாம் நாளே கண் இருட்டுவது நின்றது, கால் இழுப்பும் போனது. 60 கிலோ ஸ்குவாட் மட்டும் எட்டிலிருந்து ஒன்பதுக்குத்தான் வந்தது, ஆறாவது வாரம் முடியும்போது பத்து. அதற்கு மேல் நகரவில்லை.

ஏழாவது வாரம் ஒரு மாற்றம் செய்தேன். கால் பயிற்சி நாளிலும் மலை ஏறும் நாளிலும் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் மூன்று இட்லி, மற்ற நாளெல்லாம் பழையபடி. முதல் நாளிலேயே பன்னிரண்டு வந்தது. அந்த ஞாயிறு மலையில் எங்கும் நிற்கவில்லை, 1 மணி 55. ஆனால் 76.5 வரை இறங்கியிருந்த எடை மூன்றே நாளில் 77.8. ராத்திரி தூக்கமில்லை, எல்லாம் வீணாகிவிட்டது என்றே நினைத்தேன். பெல்ட் மட்டும் அதே ஓட்டையில்தான் இருந்தது. தசைக்குள் கிளைகோஜன் திரும்பும்போது தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது. பத்து நாளில் மறுபடி 77.

ஐந்து ரோடு தம்பி

வாரத்துக்கு மூன்று தடவை இட்லி சாப்பிட்டால் அது கீட்டோ இல்லை அண்ணே. ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து திரும்ப உள்ளே போக ஒன்றிரண்டு நாள் ஆகும். நான் ஆறு மாதம் சுத்தமாக இருந்து பார்க்கப் போகிறேன்.

அஸ்தம்பட்டி அக்கா

இரு தம்பி, ஆனால் ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை கொலஸ்ட்ரால் பார்த்துவிடு, மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார். காபியில் நெய் விடுகிற சிலருக்கு எல்டிஎல் கடகடவென ஏறுகிறது, எனக்கும் ஏறியது. உன் பன்னிரண்டு ரெப் கணக்கையும் நோட்டில் எழுதி வை. ஆறு மாதத்தில் அது திரும்புகிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.