சிசிஎல் முடித்தவர்களுக்கான பயிற்சி: வாசித்துக்கொடுக்க ஆட்கள் தேவை

ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி அமைப்பு நடத்தும் சிசிஎல் என்ற மொழித்திறன் தேர்வில் தேறினால் குடியேற்றத்துக்கு 5 புள்ளி கிடைக்கும். ஆனால் அது மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் அல்ல. நீதிமன்றத்திலோ மருத்துவமனையிலோ அந்தப் பணிக்குப் போக, நாட்டியின் சான்றிதழ்த் தேர்வு தனி. அதற்கு முன்பே பயிற்சியும் நெறிமுறைத் தேர்வும் பண்பாட்டுத் திறன் தேர்வும் முடித்திருக்க வேண்டும்.

இரண்டு மொழியும் சரளமாகப் பேசுபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் சொல் தெரியாததால் அல்ல. சாட்சி, "அவர்தான் தள்ளின மாதிரி இருந்துச்சு, சரியாப் பாக்கல" என்கிறார். "அவர் தள்ளினார்" என்று ஆங்கிலத்தில் சுருக்கினால் சாட்சியின் ஐயம் மறைந்து, அது உறுதியான குற்றச்சாட்டாகிவிடும். நீளமான பேச்சில் குறிப்பு எடுக்கப் பழகாதவர் முதலில் தவறவிடுவது இந்த மாதிரி ஐயத்தைக் காட்டும் சொற்களையும், மருந்தின் அளவு, நாள் கணக்கையும்தான். புரியாதபோது ஊகித்துச் சொல்லாமல் "திரும்பச் சொல்லுங்கள்" என்று முறையாகக் கேட்பதும் தேர்வில் கவனிக்கப்படும்.

அதனால் இந்தக் குழுவில் உள்ள செவிலியர்களும் வழக்கறிஞர்களும் உதவ வேண்டும். ஏறத்தாழ 300 சொல் உரையாடலை, ஒவ்வொரு பேச்சும் 35 சொல்லுக்குள், பயிற்சி எடுப்பவர்களுக்குத் தொலைபேசியில் வாசித்துக்கொடுத்தால் போதும். ஆங்கிலப் பகுதியை ஒருவரும் தமிழை இன்னொருவரும் வாசிக்கலாம். யாழ்ப்பாணத் தமிழும் மதுரைத் தமிழும் இரண்டுமே வேண்டும்; வேலையில் வருபவர்கள் ஏட்டுத் தமிழ் பேசமாட்டார்கள். உண்மையான நோயாளி, வழக்கு விவரம் எதையும் பயன்படுத்தாதீர்கள். முடிந்தவர்கள் எந்தத் துறை, எந்த நேரம் என்று கீழே எழுதுங்கள்.