பயண நேர சர்வே: சராசரி 36 நிமிடம், ஆனால் 36 என்று ஒருவரும் சொல்லவில்லை

கொசப்பேட்டை மாணவி
வணக்கம். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக வேலூரில் 40 பேரிடம், "வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். எல்லாரையும் பழைய பஸ் ஸ்டாண்டில் காலையில் பிடித்தேன். வந்த பதில்கள் நிமிடத்தில்:

```
10 - 3 பேர்   15 - 8   20 - 5   25 - 1
30 - 8        35 - 1   40 - 1   45 - 3
60 - 5        75 - 2   90 - 3
```

சராசரி 36. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து ஹிஸ்டோகிராம் போட்டால் 11, 6, 9, 4, 0, 5, 2, 0, 3 என்று பல் விழுந்த சீப்பு போல வருகிறது. மேடம் பை சார்ட் போதும் என்கிறார். எது சரி?

காட்பாடிக்காரன்
ஆபீஸ் நேரத்தில் பாகாயம் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், கிரீன் சர்க்கிள் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் ஸ்கூட்டருக்கு மாறிவிட்டேன். நீங்களும் மாறுங்கள்.

கொசப்பேட்டை மாணவி
அண்ணா, நான் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை, கிராஃபைப் பற்றி 🙂

எண்கணக்கு
சராசரியைத் தூக்கிப் போட்டுவிட்டு மீடியன் எடுங்கள். `=MEDIAN(B2:B41)` போட்டால் 30 வரும். சீப்பு மாதிரி வருவது ஆள் குறைவு என்பதால்தான். 400 பேரிடம் கேளுங்கள், தானாகச் சரியாகிவிடும்.

சத்துவாச்சாரி சர்வேயர்
மீடியன் சரிதான் தம்பி. 400 பேர் விஷயத்தில்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கடிகாரம் பார்த்து யாரும் பதில் சொல்வதில்லை. "அரை மணி இருக்கும்", "முக்கால் மணி" என்றுதான் சொல்வார்கள். அதனால் 15, 30, 45, 60 என்ற எண்களில் ஆட்கள் குவிகிறார்கள். 50-59 வகுப்பில் ஆளே இல்லை, பக்கத்து வகுப்பில் ஐந்து பேர் என்றால் அது ரோட்டின் குணம் இல்லை, பதில் சொல்லும் பழக்கம். 4,000 பேரிடம் கேட்டாலும் அந்தப் பல் போகாது.

வகுப்பை அந்தக் குவியலைச் சுற்றி அமையுங்கள்: 8-22, 23-37, 38-52, 53-67, 68-82, 83-97. இப்போது 16, 10, 4, 5, 2, 3 என்று வரும். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் வால் நீளும் உருவம் தெரிகிறது அல்லவா? 4-க்குப் பிறகு 5 ஏறுவதைப் பெரிதாக எடுக்காதீர்கள், ஒரே ஆள் வித்தியாசம்.

பை சார்ட்டில் இந்த வரிசையும் வாலும் தெரியாது. யார் பஸ், யார் பைக் என்று காட்ட வேண்டுமானால் சாதாரண பார் போதும்.

ஒன்று கேட்க வேண்டும். இதில் ராணிப்பேட்டை சிப்காட் போகிறவர்கள் எத்தனை பேர்?

கொசப்பேட்டை மாணவி
அந்தப் பக்கம் 13 பேர் சார். மீதி 27 பேர் ஊருக்குள்ளேயே. பிரித்துப் பார்த்தேன்: ஊருக்குள் மீடியன் 20, ராணிப்பேட்டைக்கு 60.

சத்துவாச்சாரி சர்வேயர்
அப்படியானால் உங்கள் 36 ஊருக்குள் போகிறவருக்கும் பொருந்தாது, சிப்காட் போகிறவருக்கும் பொருந்தாது. ஒரே அளவுகோலில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வரைபடம் போடுங்கள், ஆளுக்கு ஒரு புள்ளி. 40 பேருக்கு அதைவிடத் தெளிவான படம் கிடையாது. மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே பாக்ஸ் பிளாட் போட்டால் இந்தப் பிரிவு பெட்டிக்குள் மறைந்துவிடும்.

அப்புறம், கேள்வி. "எவ்வளவு நேரம் ஆகும்" என்றால் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்கமாட்டார்கள். "நேற்று வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், வேலை இடத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள்" என்று இரண்டாகக் கேளுங்கள், கழித்தலை நீங்கள் செய்யுங்கள். 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் முந்தைய நாள் காலை 4 மணி முதல் 24 மணி நேரத்தைத்தான் கேட்டது.

பாலாறு அக்கா
பஸ் ஸ்டாண்டில் மட்டும் கேட்டால் டூ வீலர்காரர் எங்கே வருவார்? பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நிற்பவர்தான் உன் கையில் சிக்குவார், வந்ததும் ஏறிப் போகிறவர் சிக்கமாட்டார். தோரப்பாடி, காந்தி நகர், சத்துவாச்சாரி என்று நாலு தெருவைக் குலுக்கல் போட்டு எடுத்து, சாயங்காலம் வீடு வீடாகப் போம்மா. காலையில் போனால் சிப்காட் முதல் ஷிப்ட்காரர் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

எண்கணக்கு
ராணிப்பேட்டைக்கு 90 நிமிடமா? அந்த மூன்று பேர் போகவர சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். நீக்கிவிடுங்கள்.

சத்துவாச்சாரி சர்வேயர்
சந்தேகத்துக்காக நீக்கக் கூடாது. மூன்றையும் 45 ஆக்கிப் பாருங்கள்: மொத்த மீடியன் அதே 30, ராணிப்பேட்டை மீடியன் அதே 60. சராசரி மட்டும் 36-இலிருந்து 33-க்கு இறங்கும். இரண்டு விதமாகவும் கணக்கிட்டு எழுதிவிடுங்கள்.

கொசப்பேட்டை மாணவி
பேப்பரில் ஒருவருக்கு "ஒன்றரை மணி, ரெண்டு பஸ்" என்று எழுதி வைத்திருக்கிறேன், அது ஒரு வழிதான் போலிருக்கிறது. மற்ற இருவருக்கும் வெறும் 90தான். போன் நம்பரும் வாங்கவில்லை. இன்னொன்று: குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு வேலைக்கு வருகிறவர் இந்த சர்வேயில் வருவாரா?

பாலாறு அக்கா
வீடு வீடாகப் போனால் வரமாட்டார். அவரும் வேண்டுமென்றால் வேலை இடத்தில் போய்க் கேட்க வேண்டும், அது வேறு சர்வே. எதுவென்று மேடத்திடம் கேட்டு முடிவு செய்துவிட்டு அப்புறம் தெருவில் இறங்கு.