செவ்வகத் துடிப்பின் எஃப்எஃப்டியில் ஒரே ஒரு கோடு: சிங்க் வளைவு எங்கே போனது?

கயல்விழி

மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 1 மில்லிவிநாடி நீளமுள்ள ஒற்றைச் செவ்வகத் துடிப்பின் ஃபூரியர் உருமாற்றத்தை வரைந்து, அதிலிருந்து பட்டை அகலத்தைச் சொல்ல வேண்டும் என்பது ஆய்வகப் பயிற்சி. விநாடிக்கு 1 லட்சம் மாதிரி என்று வைத்துக்கொண்டேன். ஆகவே துடிப்புக்கு 100 மாதிரிகள்.

```python
import numpy as np
fs = 100_000
x = np.ones(100)
X = np.fft.fft(x)
print(np.abs(X[:4]))
# [100.   0.   0.   0.]
```

சுழி அதிர்வெண்ணில் 100 வருகிறது. மற்ற இடமெல்லாம் வெறும் சுழி. வகுப்பில் கரும்பலகையில் பார்த்த சிங்க் வளைவின் சாயல்கூட இல்லை. இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த வளைவு முடிவில்லாமல் நீள்கிறது என்றால், பட்டை அகலம் என்று எந்த எண்ணை எழுதுவது?

பாலா_இசிஇ

நிரலில்தான் எங்கோ பிழை. சதுர அலைக்கு ஒற்றைப்படை மடங்கு அதிர்வெண்கள் மட்டுமே வர வேண்டும். முதல் கோட்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மூன்றாவதற்கு, ஐந்தில் ஒரு பங்கு ஐந்தாவதற்கு. உங்களுக்கு அவை எதுவும் வராததால் x சரியாக உருவாகவில்லை என்று நினைக்கிறேன்.

சர்க்யூட் சரவணன்

x சரிதான். துடிப்புக்குப் பின்னால் சுழிகளைச் சேருங்கள், எஃப்எஃப்டியின் பகுதிறன் கூடும், சிங்க் தெரியும். பட்டை அகலத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. துடிப்பின் நீளம் T என்றால் 1/T. உங்களுக்கு 1 கிலோஹெர்ட்ஸ். அந்த அளவுக்கு ஒரு வடிப்பான் வைத்தால் துடிப்பு அப்படியே வெளியே வந்துவிடும்.

வேதநாயகம்

கயல்விழி, உங்கள் நிரலில் பிழை எதுவும் இல்லை. சிங்க் வளைவு அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அதை எட்டிப் பார்த்த இடங்கள்தான் எல்லாமே அதன் சுழிப்புள்ளிகள்.

உயரம் A, நீளம் T கொண்ட துடிப்பின் உருமாற்றம் இது:

```
X(f) = A · sin(πfT) / (πf)
```

f-க்கு 1/T, 2/T, 3/T என்று எந்த மதிப்பைக் கொடுத்தாலும் மேலே உள்ள சைன் சுழியாகிவிடும். உங்கள் T-க்கு அந்த இடங்கள் 1000, 2000, 3000 ஹெர்ட்ஸ். இப்போது எஃப்எஃப்டி எந்த அதிர்வெண்களில் விடை தருகிறது என்று பாருங்கள். மாதிரி வேகத்தை மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 100000/100, அதாவது 1000 ஹெர்ட்ஸ் இடைவெளி. உங்கள் ஒவ்வொரு புள்ளியும் மிகச் சரியாக ஒரு சுழிப்புள்ளியின் மேலேயே விழுகிறது. 100 மாதிரிகளையும் துடிப்பே நிரப்பியிருப்பதால், எஃப்எஃப்டியின் கண்ணுக்கு அது தொடக்கமும் முடிவும் இல்லாத நேர் மின்னழுத்தம்.

சரவணன் சொன்னபடி சுழிகளைச் சேருங்கள். ஆனால் அதனால் பகுதிறன் கூடுவதில்லை. புதிய தகவல் எதுவும் உள்ளே வரவில்லை. அதே வளைவை நெருக்கமான இடைவெளியில் பார்க்கிறோம், அவ்வளவுதான். மொத்தம் 10000 புள்ளிகள் வைத்தால் 10 ஹெர்ட்ஸுக்கு ஒரு முறை பார்க்கலாம்.

```python
X = np.fft.fft(x, 10000) / fs
print(np.round(1e3*np.abs(X[[0, 50, 100, 143]]), 3))
# [1.    0.637 0.    0.217]
```

fs-ஆல் வகுத்ததால் முதல் எண் துடிப்பின் பரப்பளவையே தருகிறது: 1 வோல்ட் × 1 மில்லிவிநாடி. 500 ஹெர்ட்ஸில் அது 0.637 ஆகக் குறைந்து, 1000 ஹெர்ட்ஸில் சுழியாகி, 1430 ஹெர்ட்ஸில் 0.217 வரை மீண்டும் எழுகிறது. அதுதான் முதல் பக்க மடல். மைய உச்சியைவிட 13 டெசிபல் மட்டுமே தாழ்ந்தது.

பாலா, நீங்கள் சொல்வது திரும்பத் திரும்ப வரும் அலைக்குப் பொருந்தும். கயல்விழி கேட்டது ஒற்றைத் துடிப்பு. ஆனாலும் இரண்டுக்கும் உறவு இருக்கிறது. இதே துடிப்பை 2 மில்லிவிநாடிக்கு ஒரு முறை அனுப்பினால் 500 ஹெர்ட்ஸின் மடங்குகளில் கோடுகள் வரும். கோடுகளின் உயரத்தைத் தீர்மானிப்பது இதே சிங்க் வளைவுதான். 1000, 2000, 3000 ஹெர்ட்ஸில் அது சுழி என்பதால் இரட்டைப்படைக் கோடுகள் காணாமல் போகின்றன. அலையின் பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே என்று இல்லாவிட்டால் உங்கள் ஒற்றைப்படை விதி நிற்காது.

கயல்விழி

நன்றி ஐயா, வளைவு வந்துவிட்டது. சரவணன் அண்ணா சொன்ன வடிப்பானையும் ஆய்வகத்தில் செய்து பார்த்தேன். 1.6 கிலோ ஓம் மின்தடை, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. வெட்டு அதிர்வெண் கிட்டத்தட்ட 1 கிலோஹெர்ட்ஸ். உள்ளே 5 வோல்ட் துடிப்பு கொடுத்தேன். வெளியே வந்தது சுறா மீனின் துடுப்பு போல இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 5 வோல்ட்டை எட்டுகிறது, ஆனால் ஏற்றம் வளைந்து நெளிந்து வருகிறது. துடிப்பு முடிந்த பிறகும் வால் இருக்கிறது. இதை "அப்படியே வெளியே வந்தது" என்று எழுதலாமா?

சர்க்யூட் சரவணன்

உயரம் வந்துவிட்டது அல்லவா? பாட நூலில் எல்லா இடத்திலும் 1/T என்றுதான் இருக்கிறது. தேர்வில் அதை எழுதினால் முழு மதிப்பெண்.

வேதநாயகம்

இந்த இடத்தில்தான் வளைவின் வடிவத்தை ஊன்றிப் படிக்க வேண்டும்.

1/T என்பது முதல் சுழிப்புள்ளி. −1 முதல் +1 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மைய மடலுக்குள் துடிப்பின் ஆற்றலில் 90 சதவீதம் அடங்கிவிடுகிறது. ஆகவே "துடிப்பு வந்ததா, வரவில்லையா" என்று மட்டும் கேட்டால் சரவணனின் எண் போதும். ஒன்றா சுழியா என்று முடிவு செய்யும் தரவுத் தொடர்பில் அதைத்தான் கேட்கிறோம். உங்கள் ஆசிலாஸ்கோப்பிலும் அது தெரிந்தது: 1 மில்லிவிநாடி முடிவதற்குள் மின்தேக்கி 99.8 சதவீதம் நிரம்பிவிட்டது.

மீதி 10 சதவீதம் எங்கே இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. அது பக்க மடல்களில் நெடுந்தூரம் பரவிக் கிடக்கிறது. சூத்திரத்தின் கீழே f ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. அதனால் அதிர்வெண் இரண்டு மடங்கானால் மடல்களின் உயரம் 6 டெசிபல் மட்டுமே இறங்கும். இவ்வளவு மெதுவாக இறங்குவதற்குக் காரணம் துடிப்பின் நீளம் அல்ல, அதன் செங்குத்தான விளிம்பு. நீளம் சுழிப்புள்ளிகளின் இடத்தைத் தீர்மானிக்கிறது, விளிம்பு வாலின் கனத்தைத் தீர்மானிக்கிறது. உங்கள் வடிப்பான் அந்த வாலை வெட்டியது. கூடவே விளிம்பும் போய்விட்டது.

எவ்வளவு போனது என்பதையும் கணக்கிடலாம். இப்படிப்பட்ட எளிய வடிப்பானில் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற ஆகும் நேரம் சுமார் 0.35/B. வடிப்பானின் பட்டை அகலம் B 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் 0.35 மில்லிவிநாடி. உங்கள் திரையில் அளந்து பாருங்கள், இதே அளவு வர வேண்டும். எதிரொலி எப்போது வந்தது என்று விளிம்பை வைத்து அளக்கும் கருவிக்கு இது மிக மோசம். ஏற்ற நேரம் 0.05 மில்லிவிநாடிக்குள் வேண்டும் என்றால் 7 கிலோஹெர்ட்ஸ் தேவை. அதே துடிப்பு, அதே T. கேட்கும் வேலை மாறியதால் எண் ஏழு மடங்காகிவிட்டது.

தந்தி நேயன்

நான் அமெச்சூர் வானொலி வைத்திருக்கிறேன், மோர்ஸ்தான் அனுப்புவது. இந்தக் கணக்கு என் வயிற்றெரிச்சலோடு சேர்ந்தது. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லிவிநாடி. 1/T வெறும் 17 ஹெர்ட்ஸ். ஆனால் 500 ஹெர்ட்ஸ் தள்ளி உட்கார்ந்திருக்கும் நண்பர், நான் சாவியை அழுத்தும்போதெல்லாம் "டக், டக்" என்று கேட்கிறது என்கிறார். விளிம்புகளை 5 மில்லிவிநாடிக்கு வளைத்துவிட்டேன். அதன் பிறகும் கேட்கிறதாம். ஏன்?

வேதநாயகம்

வளைப்பதற்கு முன் இருந்த நிலை கணக்கில் அப்படியே வருகிறது. 500 ஹெர்ட்ஸ் தள்ளி என்றால் fT = 30. அங்கே பக்க மடல்கள் மைய உச்சியைவிட ஏறக்குறைய 40 டெசிபல் தாழ்ந்திருக்கும். காகிதத்தில் அது பெரிய இறக்கம். பக்கத்துத் தெருவில் இருப்பவரின் ஏற்பிக்கு உங்கள் அலை அவ்வளவு பலமாகப் போவதால், 40 டெசிபல் கழித்தும் காதுக்கு எட்டும்.

விளிம்பை வளைத்தால் மடல்கள் இன்னும் வேகமாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் எனக்கு ஒரு சந்தேகம்: வளைப்பது எந்தக் கட்டத்தில் நடக்கிறது? அதற்குப் பிறகு வரும் பெருக்கி நேர்விகிதத்தில் வேலை செய்யாத வகை என்றால், நீங்கள் வளைத்த விளிம்பை அது மறுபடியும் செங்குத்தாக்கிவிடும். ஆண்டெனாவுக்குப் போகும் அலையின் உறையை ஆசிலாஸ்கோப்பில் பார்த்தீர்களா?

தந்தி நேயன்

சாவியின் பக்கம்தான் பார்த்தேன், வெளியீட்டில் பார்க்கவில்லை. பெருக்கி சி வகுப்பு. இரவல் ஆசிலாஸ்கோப் கிடைத்ததும் பார்த்துச் சொல்கிறேன்.

கயல்விழி

ஐயா, இன்னும் ஒன்று. சூத்திரத்தையும் எஃப்எஃப்டியையும் ஒரே படத்தில் வரைந்தேன். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. 50 கிலோஹெர்ட்ஸை நெருங்கும்போது எஃப்எஃப்டியின் மடல்கள் 4 டெசிபல் அளவுக்கு உயர்ந்து நிற்கின்றன. இது எங்கிருந்து வந்தது? பட்டை அகலத்துக்கு 99 சதவீத ஆற்றல் என்ற வரையறையை எடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

வேதநாயகம்

சிங்க் வளைவு எங்கேயும் முடிவதில்லை. ஆனால் விநாடிக்கு 1 லட்சம் மாதிரி எடுத்தால் 50 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் இடமே கிடையாது. அப்பால் இருக்கும் வால் மடிந்து உள்ளே விழுகிறது. அந்தக் கூடுதல்தான் நீங்கள் பார்த்த 4 டெசிபல். மாதிரி வேகத்தைப் பத்து மடங்காக்கி, துடிப்புக்கு 1000 மாதிரிகள் வையுங்கள். அதே 50 கிலோஹெர்ட்ஸில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. கூர்மையான விளிம்புள்ள எதை மாதிரி எடுத்தாலும் இந்த மடிப்பு கொஞ்சமாவது இருக்கும். வேகத்தைக் கூட்டினால் குறையுமே தவிர, முற்றாக மறையாது.

99 சதவீதம் எடுக்கலாம். ஆனால் விலை அதிகம். வால் மெதுவாக இறங்குவதால் 90-லிருந்து 99-க்குப் போக பட்டை அகலம் சுமார் 10/T ஆகிவிடும், உங்களுக்கு 10 கிலோஹெர்ட்ஸ். அதிர்வெண்ணின் இருமடிச் சராசரியை வைத்துப் பட்டை அகலம் சொல்லும் முறையை மட்டும் இங்கே தொடாதீர்கள். செவ்வகத் துடிப்புக்கு அந்தக் கணக்கு முடிவிலிக்குப் போய்விடும்.

சர்க்யூட் சரவணன்

நான் இன்னமும் 1/T என்றுதான் சொல்வேன். துடிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதானே பெரும்பாலான இடங்களில் வேலை.

கயல்விழி

மாதிரி வேகத்தைக் கூட்டியதும் இரண்டு வளைவுகளும் ஒன்றாகிவிட்டன. ஏற்ற நேரத்தையும் அளந்தேன், 0.35 மில்லிவிநாடிக்கு மிக அருகில் வந்தது. முதல் சுழிப்புள்ளி வரை 1 கிலோஹெர்ட்ஸ், 99 சதவீத ஆற்றலுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டையும் வரையறையோடு அறிக்கையில் எழுதியிருக்கிறேன். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "இந்தத் துடிப்பு எதற்குப் பயன்படப் போகிறது என்று பயிற்சித் தாளில் இல்லையே, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பாய்?" என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.