பிரித்தானிய வருகையாளர் விசா போதுமா? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கிளிநொச்சியில் இருக்கும் எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனம், லண்டன் வாடிக்கையாளர் ஒருவருக்குக் களஞ்சிய இருப்புக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. எங்களோடு வேலை செய்யும் தங்கச்சியை இரண்டு கிழமைக்கு வரச் சொல்கிறார்கள். சம்பளம் இங்கே நாங்கள்தான் கொடுப்போம்.

அழைப்புக் கடிதத்தில் ‘கலந்துரையாடல், நிறுவுதல், எங்கள் குழுவோடு சேர்ந்து மேம்படுத்துதல்’ என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். அந்த மூன்றாவதுதான் எனக்குப் பயம்.

விதிகளைப் படித்தவரை, கூட்டம், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் எழுதுவது எல்லாம் வருகையாளர் விசாவில் சரி. விநியோக ஒப்பந்தம் இருந்தால், நாங்கள் கொடுத்த மென்பொருளை நிறுவவும் திருத்தவும் ஆலோசனை சொல்லவும் இடமுண்டு. ஆனால் அவர்களுடைய குழுவில் ஓர் ஆளாக உட்கார்ந்து நாளாந்தம் நிரல் எழுதினால், அது அங்குள்ள நிறுவனத்துக்கு வேலை செய்வதாகிவிடும். சம்பளம் இங்கிருந்து போகிறது என்பது மட்டும் அதை மாற்றாது. 2024 ஜனவரி 31இல் வாடிக்கையாளர் வேலைக்குக் கொடுத்த தளர்வும் ஒரே குழும நிறுவனங்களுக்குள் போய்வருபவர்களுக்குத்தான். நாங்கள் தனி நிறுவனம்.

அதனால் மூன்றாவது வேலையை இங்கிருந்தே செய்வதாகச் சொல்லி, கடிதத்தை மாற்றிக் கேட்கப் போகிறேன். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நிறுவிய பிறகு அவர்களுடைய ஊழியர்களுக்குப் பாவிக்கும் முறையைக் காட்டிக் கொடுப்பதை ‘ஆலோசனை’ என்று ஏற்றுக்கொள்கிறார்களா? விநியோக ஒப்பந்தத்தின் பிரதியையும் விண்ணப்பத்தோடு இணைத்தீர்களா? இப்படிப் போய்வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கோ. மறுப்பு வந்தால் அந்தப் பிள்ளையின் அடுத்த விண்ணப்பங்களிலும் அதைச் சொல்ல வேண்டிவரும்.