மேற்குப் பார்த்த மாடி அறை: வெயிலுக்கு எந்தத் திரை?

மாடியறை (கேள்வி):
காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டுக்கு மேலே ஓர் அறை கட்டியிருக்கிறோம். கீழே வளவில் மதியம்கூட நிம்மதியாகப் படுக்கலாம். மாடியில் மூன்று மணிக்கு மேல் உட்கார முடிவதில்லை. மேற்கே ஒரே ஜன்னல், 5 அடி அகலம், 4 அடி உயரம், யுபிவிசி ஸ்லைடிங், சாதாரணக் கண்ணாடி. மெரூன் நிற பிளாக் அவுட் திரை தொங்குகிறது. அறை இருட்டாகிறதே தவிர சூடு குறையவில்லை. ரோலர் பிளைண்டா, ஜீப்ரா பிளைண்டா, வேறு துணியா? எதில் காசைப் போடலாம்?

தேவகோட்டை வாசி:
துணி மெல்லிசாக இருக்கும். கனமான வெல்வெட் எடுங்கள், அதுவும் அடர்ந்த நிறமாக. எங்கள் ஹாலில் அதைத்தான் போட்டிருக்கிறோம்.

திரைத் தையல்:
கனம் சரி, நிறம்தான் இடிக்கிறது. மாடியறை, நாலரை மணி வாக்கில் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கைவிட்டு, துணியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் விஷயம் அதுதான். கண்ணாடி வழியாக வந்த வெயிலை மெரூன் துணி குடித்துச் சூடாகிறது. அந்தச் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்தாயிற்று, திரும்பப் போகாது. பிளாக் அவுட் என்றால் வெளிச்சத்தை மறைக்கும் என்று மட்டும்தான் அர்த்தம். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருந்தால், வெயிலில் ஒரு பங்கு வெளிச்சமாகவே கண்ணாடி வழியே வெளியே திரும்பிவிடும். அறைப்பக்கம் என்ன நிறமும் இருக்கட்டும்.

மாடியறை:
தொட்டேன், இஸ்திரிப்பெட்டி மாதிரி இருக்கிறது! அப்போ இந்தத் திரையைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

திரைத் தையல்:
வேண்டாம். பின்னால் வெள்ளை லைனிங் கொடுத்தால் போதும். சேர்த்துத் தைக்காமல் தனியாகக் கொக்கியில் மாட்டுங்கள், துவைக்கக் கழற்றலாம். கோட்டிங் போட்ட லைனிங் என்றால் முறுக்கிப் பிழியக் கூடாது, கோட்டிங் உரிந்துவிடும்.

கணக்கு இப்படி: ஜன்னல் 5 அடி, இரண்டு பக்கமும் அரையடி தள்ளி ராடு 6 அடி. சுருக்கத்துக்கு இரண்டு மடங்கு, 12 அடி, அதாவது 144 அங்குலம். 48 அங்குலப் பன்னா துணியில் மூன்று பன்னா. பக்க மடிப்புக்குச் சில அங்குலம் போகும், ஆனாலும் சுருக்கம் பெரிதாகக் குறையாது. ராடு ஜன்னலுக்கு மேல் அரையடியில் இருக்கட்டும், துணி ஜன்னலுக்குக் கீழே ஓரடியாவது இறங்கட்டும்.

ஓரங்களைக் கவனியுங்கள். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் சூடாகும் காற்று மேலேறி, ராடுக்கு மேலே உள்ள சந்து வழியாக அறைக்குள் கொட்டும். ஐலெட் வளையத் திரையில் மேல்பக்கம் வளைந்து வளைந்து நிற்பதால் சந்து அதிகம். பிளீட் வைத்துத் தைத்து, மேலே ஒரு மரப்பெட்டி அடித்து மூடினால் நல்லது. ஜீப்ரா உங்களுக்கு வேண்டாம், அதில் பாதிப் பட்டை வலைத்துணி. ரோலர் என்றால் பின்பக்கம் வெள்ளை பார்த்து எடுங்கள். ஆனால் சட்டத்துக்குள் மாட்டினால் இரண்டு ஓரத்திலும் வெயில் கோடு விழும்.

புதுவயல் கடை:
எங்கள் ஷோரூம் கண்ணாடி கிழக்குப் பார்த்தது. திரையின் மடிப்பு வரிவரியாக வெளுத்துவிட்டது. எந்தச் சோப்பு போடலாம்?

திரைத் தையல்:
வெயிலில் போன சாயம் சோப்பில் வராதுங்க. அடுத்த திரைக்காவது லைனிங் கொடுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
ஏன்ப்பா, உள்ளேயே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் மூங்கில் தட்டியை வெளியேதான் தொங்கவிடுவோம். கண்ணாடியில் வெயிலே படாது, கதவைத் திறந்துவைத்தால் காற்றும் வரும்.

திரைத் தையல்:
ஆச்சி சொல்வது என் தொழிலுக்கு விரோதம், ஆனால் உண்மை. வெளியே நிறுத்துவதற்கு உள்திரை எதுவும் ஈடில்லை. சாயங்கால வெயில் சாய்ந்து வருவதால் சன்ஷேடு அதை மறைக்காது, தட்டி மறைக்கும். மாடி என்பதால் கீழ் முனையை இரண்டு பக்கமும் கட்டுங்கள், காற்றில் அடித்து உடையும். ஐப்பசி மழைக்கு முன் சுருட்டி உள்ளே வையுங்கள். செலவு செய்வதற்கு முன்னால் பழைய வெள்ளை வேட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்டி, ஒரு சாயங்காலம் பாருங்கள்.

மாடியறை:
கட்டினேன். நான்கு மணிக்கு நல்ல வித்தியாசம், திரையின் பின்பக்கம் சுடவில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு மறுபடி புழுக்கம். மேற்குச் சுவரில் கை வைத்தால் இன்னும் வெதுவெதுப்பு.

திரைத் தையல்:
அது திரையால் தீராது. பகலில் சுவர் குடித்த வெயில் இரவில் உள்ளே வருகிறது. உங்கள் கீழ்வீட்டுச் சுவர் கனம், இது என்ன, நாலரை அங்குலமா?

மாடியறை:
ஒன்பது. மேலே வெறும் கான்கிரீட் தளம், தட்டோடு பதிக்கவில்லை.

தேவகோட்டை வாசி:
அப்போ தளம்தான் காரணம். முதலில் தட்டோடு பதியுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
சுவருக்கு வெளியே வெள்ளை அடித்துப் பார்க்கட்டும், அதற்குச் செலவு கம்மி.

மாடியறை:
இரவில் தளத்தையும் சுவரையும் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன். தட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். லைனிங் துணி காரைக்குடியிலேயே கிடைக்குமா, மதுரைக்குப் போக வேண்டுமா?