காலிப் பெட்டிக் கணக்கு இடிக்கிறது, வழி சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் சோடா பாட்டில் பெட்டிகளும் வணிக சிலிண்டர்களும் விநியோகிக்கிறேன். சிலிண்டரில் தொல்லை இல்லை; ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறித்திருக்கிறது, எது எந்தக் கடையில் என்று நோட்டே சொல்லிவிடும். பெட்டிக்கு ஏது எண்? எண்ணிக்கை மட்டும்தான்.

ஒரு டீக்கடைக்காரர் முதலில் 6 பெட்டிகளுக்குத் தலா 300 ரூபாய் வைப்புத்தொகை கட்டினார். தொகையை 400 ஆக்கிய பிறகு மேலும் 4 எடுத்தார். ஆக என் கையில் அவருடைய பணம் 3,400. இப்போது வியாபாரத்தைக் குறைத்து 7 காலிப் பெட்டிகளைத் திருப்பிவிட்டார். முதலில் வந்தது முதலில் கழியும் என்றால் நான் தரவேண்டியது 2,200. அவரோ இன்றைய விலையில் 2,800 கேட்கிறார். ரசீதில் விலையைக் குறிக்காதது என் மடத்தனம்.

இன்னொன்று. வேலந்தாவளத்தில் 5 பெட்டி மட்டும் எடுத்த அவருடைய மைத்துனர் 7 திருப்பியிருக்கிறார். அவர் கணக்கு கழித்தல் 2. டீக்கடையில் 3 இருக்கவேண்டும், போய்ப் பார்த்தால் 1தான். மாமனும் மைத்துனனும் மாற்றிக்கொண்டார்கள்! கிடங்கில் மொத்தம் சரியாக இருப்பதால் மாதக்கணக்கில் இது கண்ணில் படவே இல்லை.

கடைக்குக் கடை மாறும் பெட்டியை எப்படிப் பதிவு செய்கிறீர்கள்? அதோடு வைப்புத்தொகையையும் மாற்றி எழுதுவீர்களா? விலை மாறும்போது பழைய ரசீதுகளை என்ன செய்கிறீர்கள்? நோட்டுப் பக்கத்தின் படம் இருந்தால் போடுங்கள் அண்ணன்மாரே.